நேர்காணல் காணொளிகளில் பேச்சு நேரமும் குறுக்கீடும்: கடலூர், சிதம்பரம் வட்டாரப் பேச்சை முன்வைத்து ஓர் அளவைத் திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

நேர்காணல் காணொளி ஒன்றில் யார் எவ்வளவு நேரம் பேசினார், யார் யாரை எத்தனை முறை குறுக்கிட்டார் என்று எண்ணி, அதைக்கொண்டு நடுநிலையையும் பார்வையாளர் ஈடுபாட்டையும் மதிப்பிடும் போக்கு ஊடக ஆய்வுகளில் வளர்ந்து வருகின்றது. இரு குரல்கள் ஒரே நேரத்தில் ஒலிக்கும் இடமெல்லாம் குறுக்கீடு என்னும் எடுகோள் இவ்வளவீட்டின் அடியில் உள்ளது. வினைமுற்று இறுதியில் நிற்கும் தமிழ்ப் பேச்சுக்கு இவ்வெடுகோள் பொருந்தாமையையும், முற்று – எச்சம் என்னும் இலக்கண வேறுபாடு அவ்விடத்தில் எவ்வளவு பயன்படும், எங்கே பயன்படாது என்பதையும் கடலூர் வட்டாரப் பேச்சில் அமைந்த ஒரு மாதிரிப் பகுதியைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கின்றது.

திறவுச்சொற்கள்: நேர்காணல், பேச்சுமுறை, குறுக்கீடு, உம் கொட்டுதல், வினைமுற்று, வினையெச்சம், பேசுநர் பிரிப்பு, கடலூர் வழக்கு

முன்னுரை

கடலூர் மாவட்டத்தில் நேர்காணல் காணொளி இன்று பலவகைப் பொருளுக்கும் கொள்கலனாகி விட்டது. தேர்தல் வேட்பாளரின் பேட்டி, 2004 ஆழிப்பேரலையில் வீடிழந்தவரின் நினைவு, 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலைக் கண்டவரின் சாட்சியம், சிதம்பரம் கோயில் வீதியில் நெடுநாள் கடை நடத்துபவரின் வாழ்க்கைக்கதை ஆகிய அனைத்தும் ஒரே வடிவில் இணையத்தில் கிடக்கின்றன. இவற்றை ஆய்வுப்பொருளாகக் கொள்ளும் ஆய்வாளருக்கு முதலில் எழும் வினா, பேட்டி எடுப்பவர் எதிரில் இருப்பவரைப் பேச விட்டாரா என்பது. அவ்வினாவுக்கு எண்ணால் விடை காண முயல்வது இயல்பே. பேச்சு நேரத்தை நொடிகளில் அளக்கலாம், குறுக்கீடுகளை எண்ணலாம், இரண்டையும் அட்டவணையிட்டு, விழுக்காட்டின் துணையோடு ‘நடுநிலையான நேர்காணல்’, ‘ஒருதலையான நேர்காணல்’ என்று பெயரிடலாம்.

இவ்விரண்டனுள் பேச்சு நேரம் ஓரளவு பாதுகாப்பான அளவை. கடிகாரம் காட்டுவதை ஏற்பதில் பெரிய கருத்து வேறுபாடு எழுவதில்லை. சிக்கல் குறுக்கீட்டில்தான் உள்ளது. குறுக்கீடு என்பது ஒலியில் தானாகக் கிடக்கும் பொருளன்று. ஒருவர் பேச்சு முடியவில்லை, மற்றவர் அதை முடிக்க விடவில்லை என்னும் இரண்டு தீர்ப்புகள் அச்சொல்லுக்குள் அடங்கியுள்ளன. முதல் தீர்ப்பு மொழியின் இலக்கணத்தைச் சார்ந்தது. இரண்டாவது தீர்ப்பு பேசுவோரின் நோக்கத்தையும் உறவையும் சார்ந்தது. இவ்விரண்டையும் அலைவடிவத்தில் இரு கோடுகள் மேற்படியும் இடத்தைக் கொண்டு மட்டும் வழங்கிவிட முடியுமா என்பதே இங்குக் கேட்கப்படும் வினா.

ஒரே அளவை, இரு முடிவுகள்

இவ்வளவையின் உறுதியின்மைக்குத் தெளிவான சான்று பிரித்தானிய அரசியல் நேர்காணல்களைப் பற்றிய ஆய்வுகளில் கிடைக்கின்றது. 1979ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலை ஒட்டி மார்கரெட் தாட்சரும் ஜிம் காலகனும் அளித்த தொலைக்காட்சி நேர்காணல்களை ஜெஃப்ரி பீட்டி என்னும் உளவியலாளர் ஒப்பிட்டார். தாட்சர் பேட்டியாளரைக் குறுக்கிட்டதைவிடப் பேட்டியாளரால் அவர் குறுக்கிடப்பட்டதே மிகுதி என்றும், காலகனிடத்தில் நிலை இதற்கு மாறாக இருந்தது என்றும் அவர் கண்டார். கடுமையானவர் எனப் பெயர்பெற்ற ஒருவர் ஏன் இவ்வளவு குறுக்கிடப்பட வேண்டும் என்ற வினாவுக்கு, 1982இல் ‘நேச்சர்’ இதழில் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு விடை தந்தனர். தாட்சர் தம் பேச்சு முடியாத இடங்களிலும், முடிந்துவிட்டது எனக் கேட்போர் கருதும்படி குரலின் சுருதியை விரைவாகத் தாழ்த்தினார். பேட்டியாளர் அவ்விடத்தைத் தம் முறை எனக் கொண்டார் என்பது அவ்விடை.

இவ்விளக்கம் ஏற்கப்படின், அங்கு எண்ணப்பட்டவற்றுள் ஒரு பகுதி குறுக்கீடே அன்று. முறை மாறும் இடத்தைத் தவறாகக் கணித்ததன் விளைவு. பின்னர் 1988இல் பீட்டர் புல், கேட் மேயர் ஆகிய இருவரும் 1987 தேர்தல் கால நேர்காணல்கள் எட்டினைக் கொண்டு தாட்சரையும் நீல் கின்னக்கையும் ஒப்பிட்டபோது, குறுக்கிடப்பட்ட அளவில் இருவருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றனர். தாட்சர் தாம் குறுக்கிடப்படுவதை அடிக்கடி வெளிப்படையாகச் சுட்டிக்காட்டி ஆட்சேபித்தார் என்பதே அவரைப் பற்றிய எண்ணத்துக்குக் காரணம் என்பது அவர்கள் கருத்து. ஆங்கிலம் போன்ற மிகுதியாக ஆராயப்பட்ட ஒரு மொழியிலேயே, ஒரே அரசியலாளரைப் பற்றிய எண்ணிக்கை இவ்வளவு வேறுபட்ட விளக்கங்களுக்கு இடம் தருகின்றது. அவ்வகைப்பாட்டை மாற்றமின்றித் தமிழுக்குக் கொணர்வது எவ்வாறு முடியும்?

முற்றும் எச்சமும்

உரையாடலில் முறைமாற்றம் நிகழும் வகையைச் சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் ஆகிய மூவரும் 1974இல் வகுத்துரைத்தனர். கேட்பவர் பேசுபவரின் தொடர் எங்கே முடியும் என்பதை முன்கூட்டியே கணித்து, அவ்விடத்தில் தம் பேச்சைத் தொடங்குகின்றார் என்பது அதன் மையம். கணிப்பில் சிறிது முந்துவதால் இரு குரல்கள் நொடியின் ஒரு பகுதிக்கு மேற்படிதல் இயல்பானது. அது குறுக்கீடு ஆகாது. இவ்வியல்பான மேற்படிதலைக் குறுக்கீட்டினின்று பிரிக்க வெஸ்ட், சிம்மர்மன் ஆகியோர் ஓர் அளவுகோல் வைத்தனர். தொடர் முடியக்கூடிய இடத்துக்கு இரண்டு அசைக்கும் மேற்பட்ட தொலைவில் மற்றவர் நுழைந்தால் அது குறுக்கீடு.

இரண்டு அசை என்னும் இந்த எல்லை தமிழில் இருவழியிலும் பிழைபடுகின்றது. தமிழ்த்தொடரில் வினை இறுதியில் நிற்கின்றது. பேச்சுத்தமிழில் அவ்வினை முதன்மை வினையோடு துணைவினை, காலம், இடம், பால், மரியாதை விகுதி எனப் பல அசைகள் நீள்வது. ‘எழுதிக்கிட்டுப் போனாங்க’ என்பதில் ‘எழுதி’ என்ற அளவிலேயே கேட்பவருக்குப் பொருள் விளங்கிவிடுகின்றது. எஞ்சிய அசைகள் பெரும்பாலும் கணிக்கத்தக்கவை. அவற்றின் மீது கேட்பவரின் குரல் படிந்தால், எண்ணிக்கை நோக்கில் நான்கைந்து அசை முந்திய நுழைவு. பொருள் நோக்கில் எதுவும் வெட்டுப்படவில்லை.

மறுதலையாக, முற்று வந்த பின்னும் தமிழ்த்தொடர் முடிந்ததாக உறுதி கூற இயலாது. ‘போனாங்க’ என்னும் முற்றின் பின் ‘ன்னு’ ஒட்டினால் அம்முற்று முழுவதும் வேறொரு தொடரின் உறுப்பாகிவிடும். ‘போனாங்கன்னு சொன்னாங்க’, ‘போனாங்கன்னுதான் சொல்லணும்’ என்பன போல, முன் கூறியதன் மெய்ம்மையையே புரட்டிவிடும் சொற்கள் முற்றுக்குப் பின்னரே வருகின்றன. வினை இறுதியில் நிற்கும் யப்பானிய மொழியில் தொடரின் முடிவைக் கணித்தல் காலந்தாழ்கின்றது என்று ஹிரோகோ தனாகா 1999இல் வெளியிட்ட நூலில் விளக்கியுள்ளார். தமிழின் ‘என்று’ அமைப்பு இவ்வகையில் அதனோடு வைத்து ஆராயத்தக்கது.

எனவே, தமிழ் நேர்காணலில் மேற்படிதலின் கால அளவை நோக்குவதற்கு முன், பேச்சு நின்ற இடத்தின் இலக்கண நிலையை நோக்குதல் வேண்டும். அது முற்றில் நின்றதா, எச்சத்தில் நின்றதா? ‘பாத்துட்டு’, ‘வந்தா’, ‘சொன்னதுல’, ‘பாத்தீங்கன்னா’ ஆகியவற்றில் ஒருவர் நிறுத்தப்பட்டிருப்பின், அவர் மேலும் சொல்ல இருந்தார் என்பதற்கு மொழியே சான்று. பேசியவரின் மனத்தை ஊகிக்க வேண்டிய தேவை அங்கே குறைகின்றது.

இவ்வளவுகோலுக்கும் எல்லை உண்டு. பேச்சுத்தமிழில் எச்சத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளும் வழக்கமும் பரவலானது. ‘ஏதோ நம்மால முடிஞ்சதைச் செய்வோம்னு…’ என்று இழுத்து நிறுத்துபவர் முறையை விட்டுக்கொடுத்துவிட்டார். அங்கே இசைவீழ்ச்சியும் நீட்டமும் முடிவைக் காட்டுகின்றன. ஆகவே எச்சம் என்று கண்ட அளவில் குறுக்கீடு என எழுதிவிடாமல், அவ்விடத்துச் சுருதி தாழ்ந்ததா, நிலைத்து நின்றதா என்பதை Praat போன்ற கருவியில் பார்த்து உறுதிசெய்தல் தேவை. பீட்டியின் ஆய்வு சுருதியையும் தொடரின் நிறைவையும் தனித்தனியே நோக்க வேண்டியதன் தேவையை உணர்த்தியது. தமிழில் அவ்விரண்டும் முரண்படும் இடங்களே நுணுகி ஆராய வேண்டியவை.

ஒரு மாதிரிப் பகுதி

மேற்கூறியதை விளக்க, கடலூர் வட்டார வழக்கில் 40 நொடி அளவிலான ஒரு பகுதி கீழே கட்டமைத்துத் தரப்படுகின்றது. இது எவருடைய உண்மைப் பேட்டியும் அன்று. எண்ணும் முறையைச் சோதிப்பதற்காக அமைக்கப்பட்டது. தானே புயலில் தோப்பை இழந்த முதிய முந்திரி உழவரிடம் (உ) இளம் பேட்டியாளர் (பே) பேசுகின்றார். எண்கள் தொடக்கத்தினின்று நொடிகளைக் குறிக்கும்.

0.0–3.1 பே: தானே புயல் அடிச்ச அன்னிக்கி ராத்திரி எங்க இருந்தீங்கய்யா?

3.6–15.0 உ: வீட்டுலதான் தம்பி. ராத்திரி பூரா தூங்கல. காத்துச் சத்தம் ஒரு பக்கம், ஓடு பறக்குறது ஒரு பக்கம். விடிஞ்சி போயிப் பாத்தா தோப்புல ஒரு மரம் கூட நிக்கல.

7.2–7.5 பே: ம்.

13.9–14.6 பே: அய்யய்யோ.

14.8–16.4 பே: எத்தினி மரம் இருக்குங்க?

16.6–27.0 உ: முந்நூறு மரம். எங்கப்பா நட்டது. முப்பது வருசமாக் காய்ச்ச மரம். நிவாரணம் தர்றோம்னு வந்தாங்க, எல்லாத்தையும் எழுதிக்கிட்டுப் போனாங்க

26.1–27.1 பே: எழுதிக்கிட்டுப் போனாங்க.

27.2–33.0 உ: போனாங்கன்னுதான் சொல்லணும். ஆனா ஒரு மரத்துக்கு இவ்வளவுன்னு கணக்குப் போட்டதுல பாத்தீங்கன்னா

32.4–36.0 பே: சரிங்கய்யா, இப்பப் புதுசா நட்டிருக்கீங்களே, அது எப்பக் காய்க்கும்?

36.7–39.5 உ: அதுவா… மூணு நாலு வருசம் ஆவும்.

முதலில் பேச்சு நேரம். உழவர் 11.4, 10.4, 5.8, 2.8 என 30.4 நொடி பேசுகின்றார். பேட்டியாளரின் கூற்றுகள் ஆறும் சேர்ந்து 10.3 நொடி. மொத்தப் பேச்சில் உழவரின் பங்கு ஏறத்தாழ 75 விழுக்காடு. நேர்காணலுக்கு இது மிக நல்ல பங்கீடு என்று எந்த அட்டவணையும் கூறும். அடுத்து, உழவரின் பேச்சின் மீது பேட்டியாளரின் குரல் படிந்த இடங்கள் ஐந்து: 0.3, 0.7, 0.2, 0.9, 0.6 நொடி. மேற்படிதல் யாவும் குறுக்கீடு எனின், பேட்டியாளர் 40 நொடிக்குள் ஐந்து முறை குறுக்கிட்டவர். முந்தைய அளவை அவரை நல்ல கேட்பவராகக் காட்ட, இந்த அளவை அவரை முரடராகக் காட்டுகின்றது. இரண்டுமே நிகழ்ந்ததைச் சொல்லவில்லை.

ஐந்தையும் ஒவ்வொன்றாக நோக்கின் நிலை தெளிவாகும். ‘ம்’ என்பது உம் கொட்டுதல். கதை சொல்பவருக்கு உம் கொட்டாவிட்டால் கதை நின்றுவிடும் என்பது தமிழ் வீடுகள் அறிந்த செய்தி; அதைக் குறுக்கீடாக எண்ணுவது தமிழ்க்கேட்டல் மரபையே குற்றமாக்குவது. ‘அய்யய்யோ’ துயரைப் பகிரும் குரல். உழவர் அதனால் சொல்லைக் குறைக்கவில்லை. மூன்றாவது, ‘நிக்கல’ என்னும் முற்றின் கடைசி அசைமீது படிந்த வினா, இயல்பான முறைமாற்றம். நான்காவது, பேட்டியாளர் உழவரோடு சேர்ந்து அதே தொடரை முடிக்கும் இணைநிறைவு. இது கால அளவில் ஐந்தனுள் மிக நீண்டது. வெஸ்ட் – சிம்மர்மன் எல்லையையும் கடந்தது. ஆயினும் உழவர் அதையே பற்றிக்கொண்டு ‘போனாங்கன்னுதான் சொல்லணும்’ என்று தம் ஐயத்தை வெளியிடுகின்றார். அந்த ஒத்திசைவு அவரது பேச்சை வளர்க்கவே செய்தது.

குறுக்கீடு ஐந்தாவது மட்டுமே. ‘பாத்தீங்கன்னா’ என்பது அடுத்து வரவிருக்கும் செய்திக்குக் கேட்பவரை ஆயத்தப்படுத்தும் நிபந்தனை எச்சம். நிவாரணக் கணக்கில் என்ன நேர்ந்தது என்பதை அவர் சொல்லவிருந்த இடம் அது. பேட்டியாளர் ‘சரிங்கய்யா’ என்னும் மரியாதைச் சொல்லோடு நுழைந்து பொருளையே மாற்றிவிடுகின்றார். குரலில் கடுமை இல்லை, ‘ஐயா’ உண்டு, பார்வையாளர் பலர் இதைக் குறுக்கீடாக உணரவும் மாட்டார். அடுத்த விடை 2.8 நொடியில் சுருங்கிவிடுகின்றது. வருங்காலத்தில் தானே புயல் நிவாரணம் பற்றிய வாய்மொழிச் சான்றுகளைத் தேடும் ஆய்வாளருக்கு இக்காணொளியில் அச்செய்தி இல்லை. 75 விழுக்காடு பேசியவர் சொல்ல விரும்பியதைச் சொல்லவில்லை.

சிறிய மேற்படிதல்களை விலக்கிவிட்டால் இச்சிக்கல் தீரும் என்று சிலர் கருதலாம். அரை நொடிக்குக் குறைந்தவற்றைத் தள்ளினால் மூன்று எஞ்சும். அவற்றுள் இரண்டு ஒத்திசைவானவை. எல்லையை 0.8 நொடியாக உயர்த்தினால் எஞ்சுவது ஒன்றே: இணைநிறைவு. உண்மைக் குறுக்கீடு தள்ளப்பட்டுவிடும்! நேர எல்லையை எங்கே வைத்தாலும் இப்பகுதியில் சரியான விடை கிடைக்காது. இது தற்செயலன்று. மரியாதை காக்கும் பேச்சில், குறுக்கிடப்பட்டவர் உடனே அடங்கிவிடுவதால் உண்மைக் குறுக்கீட்டின் மேற்படிதல் குறுகியும், உறவு நெருங்கிய ஒத்திசைவின் மேற்படிதல் நீண்டும் அமைவதற்கு இடம் மிகுதி.

மேற்படிதலே இல்லாத குறுக்கீடும் உண்டு. நிக்கோலா ஃபெர்குசன் 1977இலேயே ‘மௌனக் குறுக்கீடு’ என ஒரு வகையைப் பிரித்தார். ‘ஆபீசர் வந்து பாத்துட்டு…’ என்று ஒருவர் சொல்லைத் தேடி நிற்கும் ஒரு நொடியில் பேட்டியாளர் அடுத்த வினாவுக்குச் சென்றால், அலைவடிவம் அதை ஒழுங்கான முறைமாற்றமாகவே காட்டும். நினைவைத் தோண்டிப் பேசும் முதியவரிடம் இவ்வகையே அதிகத் தீங்கு விளைப்பது.

இதற்கு ஒரு துணைச்சோதனை பயன்படும். வெட்டுப்பட்ட பொருள் அக்காணொளியில் பின்னர் எங்கேனும் மீண்டதா என்று தேடலாம். பேசுபவரே ‘இருங்க தம்பி, அதைச் சொல்லி முடிச்சிர்றேன்’ என்று மீட்டிருந்தாலோ, பேட்டியாளர் ‘அந்தக் கணக்கு பத்திச் சொல்ல வந்தீங்களே’ என்று திரும்ப அழைத்திருந்தாலோ அக்குறுக்கீட்டின் எடை குறையும். ‘இருங்க தம்பி’ போன்ற மீட்புச்சொற்கள் வெளிப்படையானவை. இரு ஆய்வாளர்கள் தனித்தனியே எண்ணினாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆயின் அச்சொல்லைச் சொல்லும் உரிமை வயதையும் தகுதியையும் பொறுத்தது. முதியவர் இளைஞரிடம் எளிதில் சொல்வார். கூலித்தொழிலாளி ஒருவர் படித்த பேட்டியாளரிடம் சொல்லத் தயங்குவார். மீட்புச்சொல் இல்லாமையைக் குறுக்கீடு இல்லாமையாகக் கொள்வது தாட்சர் ஆய்வின் மறுபக்கப் பிழை: ஆட்சேபிப்பவரே குறுக்கிடப்பட்டவராகத் தெரிவார்.

கருவியின் பிழையும் தொகுப்பாளரின் கத்தரியும்

நீண்ட காணொளிகளைக் கையால் குறிப்பது கடினம் என்பதால், யார் எப்போது பேசினார் எனத் தானே பிரிக்கும் பேசுநர் பிரிப்பு மென்பொருள்களை ஆய்வாளர் நாடுகின்றனர். இவற்றின் தரத்தைப் பிழைவீதம் ஒன்றால் கூறுவர். தவறவிட்ட பேச்சு, இல்லாத பேச்சை இருப்பதாகக் காட்டியது, ஒருவர் பேச்சை மற்றவருக்கு ஏற்றியது ஆகிய மூன்றையும் கூட்டி மொத்தப் பேச்சு நேரத்தால் வகுப்பது அவ்வீதம். கணக்கிடும்போது ஒவ்வொரு பேச்சு எல்லைக்கும் இருபுறம் கால் நொடியை விலக்கிவிடுதல் நெடுங்கால வழக்கம். மேற்படிந்த பகுதிகளை முற்றிலும் விட்டுவிடுவதும் உண்டு.

இவ்விலக்கின் விளைவை மாதிரிப் பகுதியிலேயே காணலாம். 0.3 நொடி ‘ம்’ முழுவதும் அதன் இரு எல்லைகளுக்குரிய விலக்கினுள் மறைந்துவிடுகின்றது. 0.2 நொடி மேற்படிதலும் அவ்வாறே. 0.6 நொடி உண்மைக் குறுக்கீட்டில் நடுவே 0.1 நொடி மட்டுமே மதிப்பிடப்படும். அதாவது, மென்பொருளின் பிழைவீதம் எவ்வளவு குறைவாக இருப்பினும் அது பேச்சு நேரத்துக்கான சான்றே தவிர, குறுக்கீட்டு எண்ணிக்கைக்கான சான்று அன்று. கருவியால் பேச்சு நேரத்தைப் பெற்று, மேற்படிதல் உள்ள இடங்களையும் நீண்ட இடைவெளிகளையும் ELAN போன்ற குறிப்புக் கருவியில் திறந்து, காதால் கேட்டு, தனித்தனி அடுக்குகளில் வகைப்படுத்துவதே ஏற்புடைய வழி. ஒரு மணிநேரக் காணொளிக்கு ஒருநாள் உழைப்பு கேட்கும் வேலை இது; அதனாலேயே பலர் தவிர்க்கின்றனர்.

ஒலிப்பதிவின் இயல்பும் கவனத்துக்குரியது. கடலூர் துறைமுகப் பகுதியிலோ பிச்சாவரம் படகுத்துறையிலோ ஒற்றை ஒலிவாங்கியில் எடுத்த பேட்டியில் காற்று, இயந்திரப்படகு, சுற்றி நிற்போரின் பேச்சு ஆகியன மூன்றாம், நான்காம் பேசுநராகப் பதிவாகும். பேட்டியாளர் கேமராவுக்குப் பின் நின்று ஒலிவாங்கியின்றிக் கேட்கும்போது அவரது உம் கொட்டுதல் பதிவாகவே ஆகாது. எனவே அறைக்குள் எடுத்த பேட்டியாளரே அதிகம் ‘குறுக்கிடுபவர்’ ஆகிவிடுவார். இரு பேட்டிகளை ஒப்பிடும் முன் ஒலிவாங்கி அமைப்பு ஒத்ததா என்று பார்க்காத அட்டவணை, பேட்டியாளரை அளக்காமல் கருவியை அளக்கின்றது.

இவற்றினும் பெரியது தொகுப்பு. வெளியாகும் காணொளி நிகழ்ந்த உரையாடல் அன்று. தயக்கங்களும் மௌனங்களும் வெட்டப்பட்டு வினாவும் விடையும் நெருக்கி ஒட்டப்படுகின்றன. எச்சத்தில் நிற்கும் பேச்சை வெட்டியவர் பேட்டியாளராகவும் இருக்கலாம், தொகுப்பாளராகவும் இருக்கலாம். இதைக் கண்டறியச் சில தடயங்கள் உள்ளன. மின்விசிறி அல்லது கடற்காற்றின் பின்னணி இரைச்சல் அவ்விடத்தில் திடீரென மாறுதல், மூச்சொலி பாதியில் அறுதல், தோளின் நிலை ஒரு சட்டகத்துக்கும் அடுத்ததற்கும் தாவுதல் என்பன அவை. இத்தடயம் உள்ள இடங்களைக் குறுக்கீட்டுக் கணக்கிலிருந்து நீக்கி ‘வெட்டு’ என்று தனியே எழுதுவது நேர்மையானது.

எதனோடு ஒப்பிடுவது

நேர்காணலில் இருவர்க்கும் சமநேரம் என்பது நடுநிலையின் இலக்கணம் ஆகாது. வினவுபவர் குறைவாகவும் விடையளிப்பவர் மிகுதியாகவும் பேசுதல் அவ்வடிவின் இயல்பு. வினாவையும் அறிவினா, அறியாவினா, ஐயவினா, கொளல்வினா, கொடைவினா, ஏவல்வினா என நன்னூல் ஆறாகப் பிரிக்கின்றது. நேர்காணலில் மிகுதியாக வருவது, தாம் அறிந்ததையே பார்வையாளர் பொருட்டுக் கேட்கும் அறிவினாவுக்கு நெருங்கியது. அதற்கு முன்னுரை தேவைப்படுவதால் அது நீளும். அந்நீட்சி பேட்டியாளரின் ஆதிக்கமா, பார்வையாளருக்கான விளக்கமா என்பதை நொடிக்கணக்கு பிரித்துக் காட்டாது.

ஆகவே ஒரே பேட்டியாளர் வெவ்வேறு விருந்தினரை நடத்திய விதத்தை ஒப்பிடுவதே பொருளுடையது. 2024 ஏப்ரல் 19 அன்று வாக்களித்த கடலூர், சிதம்பரம் ஆகிய இரு மக்களவைத் தொகுதிகளும் இதற்கு ஏற்ற களங்கள். தேர்தல் காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத் தூர்தர்ஷனிலும் அகில இந்திய வானொலியிலும் நேரம் பகிர்ந்தளிக்கும் முறை தேர்தல் ஆணையத்தால் நடத்தப்படுகின்றது. பிரான்சில் அரசியலாளரின் பேச்சு நேரம் நொடிக்கணக்கில் கண்காணிக்கப்படுகின்றது. யூடியூப் அலைவரிசை ஒன்று ஒரு தொகுதியின் வேட்பாளர்களைத் தனித்தனியே பேட்டி காணும்போது அத்தகைய பகிர்வு எதுவும் பொருந்துவதில்லை. அங்கே ஒருவருக்கு எச்சத்தில் வெட்டுகளும் மற்றவருக்கு முற்றில் முறைமாற்றங்களும் அமைகின்றனவா என்று பார்ப்பது, இருவரின் நேர விழுக்காட்டைப் பார்ப்பதைவிடக் கூடுதலாக உணர்த்தும். சிதம்பரம் தொகுதி கடலூர், அரியலூர், பெரம்பலூர் ஆகிய மூன்று மாவட்டங்களில் பரவியிருப்பதால், பேச்சின் வேகமும் இழுவையும் வேட்பாளருக்கு வேட்பாளர் மாறக்கூடும் என்பதையும் கருத வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழக மொழியியல் துறையின் வட்டார வழக்கு ஆய்வு மரபு ஒலியனையும் உருபனையும் விவரிப்பதில் வலுவானது. அம்மரபின் களப்பணி முறையை முறைமாற்றத்துக்கும் நீட்டிப்பது சிதம்பரத்திலேயே தொடங்கத்தக்க பணி.

பார்வையாளர் ஈடுபாடு

குறுக்கீடு மிகுந்தால் பார்வையாளர் விலகுவர் என்றும், மோதல் மிகுந்தால் ஈர்க்கப்படுவர் என்றும் இரு எதிர்க்கருத்துகள் வழங்குகின்றன. இரண்டையும் சோதிக்க வேண்டிய தரவு, எந்த நொடியில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தனர் என்னும் தக்கவைப்பு வரைபடம். அது அலைவரிசை உரிமையாளருக்கு மட்டுமே கிடைப்பது. வெளியாய்வாளருக்குக் கிடைப்பன பார்வை எண்ணிக்கை, விருப்பக்குறிகள், கருத்துரைகள் ஆகியவை. விருப்பமின்மை எண்ணிக்கை 2021 நவம்பர் முதல் பொதுப்பார்வைக்கு மறைக்கப்பட்டது. பார்வை எண்ணிக்கையைக் குறுக்கீட்டு எண்ணிக்கையோடு இணைத்து உறவு காணும் ஆய்வுகள், முகப்புப்படமும் தலைப்பும் விருந்தினரின் புகழும் அவ்வெண்ணிக்கையை முன்பே தீர்மானித்துவிடுவதை மறந்துவிடுகின்றன. காணொளியைத் திறந்தவருக்கு உள்ளே நிகழும் குறுக்கீடு இன்னும் தெரியாது.

உரிமையாளரின் இசைவோடு வரைபடம் கிடைத்தாலும் படிப்பதில் கவனம் தேவை. மீண்டும் மீண்டும் பார்க்கப்பட்ட இடத்தில் அளவு 100 விழுக்காட்டையும் கடக்கலாம். அது ஈடுபாட்டால் நேர்ந்ததா, சொல் விளங்காமையால் நேர்ந்ததா என்பது வரைபடத்தில் இராது. இரு குரல் மேற்படியும் இடத்தில் சொல் விளங்காமல் பின்னோக்கி நகர்த்திக் கேட்பவரும், சண்டையை இரசித்து மீண்டும் பார்ப்பவரும் ஒரே மேட்டை உருவாக்குவர். 2022 முதல் பொதுவில் காட்டப்படும் ‘மிகுதியாக மீளப் பார்க்கப்பட்ட’ பகுதிக்கோட்டுக்கும் இதே குறை உண்டு. குறைந்த பார்வையுடைய உள்ளூர்க் காணொளிகளில் அக்கோடு தோன்றாமலும் போகும்.

கருத்துரைகள் இவ்விடத்தில் கூடுதலாகப் பயன்படும். ‘அவரைப் பேச விடுங்க’, ‘கேள்விய முடிக்க விடுப்பா’ என்பன போன்ற கருத்துரைகளில் பார்வையாளர் சிலர் நிமிடத்தையும் நொடியையும் குறித்தே எழுதுகின்றனர். அக்குறிப்புகளை ஆய்வாளர் தாம் எச்சத்தில் கண்ட வெட்டுகளோடு வைத்துப் பார்க்கலாம். பொருந்தும் இடங்கள் யாவரும் உணர்ந்த குறுக்கீடுகள். ஆய்வாளர் கண்டும் எவரும் சுட்டாதவை, மாதிரிப் பகுதியின் ‘சரிங்கய்யா’ போல மரியாதையால் மூடப்பட்டவை. பார்வையாளர் சுட்டியும் ஆய்வாளர் எண்ணாதவற்றில் பல, நெருக்கமான உம் கொட்டுதலை வெளியூரார் முரட்டுத்தனமாகக் கேட்ட இடங்களாக இருக்கலாம். கருத்துரைத்தவரின் வட்டாரம் தெரியாத நிலையில் அதை உறுதிசெய்ய, அதே பகுதியைக் கடலூர்க்காரர் சிலரிடமும் கொங்கு, நெல்லை வட்டாரத்தார் சிலரிடமும் போட்டுக் காட்டி, எந்த இடத்தில் வெட்டு எனக் கை உயர்த்தச் சொல்லலாம்.